முடிவைப் பார்த்த பிறகு அந்த ஏழு பேரை நீக்கலாமா?

ஆறு மாதம் ஓடிய ஆய்வு முடிந்தது. முதன்மை ஆசிரியர் கணக்குப் போட்டு, அட்டவணையை எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். மறுநாள் காலை மூத்த இணை ஆசிரியரிடமிருந்து பதில் வருகிறது: "அந்த ஏழு பேரும் போனையே எடுக்கவில்லையே அம்மா. மாத்திரையும் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். சிலருக்குப் பரிசோதனையே தப்பாக வந்திருக்குமோ என்னவோ. அவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எடுத்துவிட்டு இன்னொரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள்."

இப்படி எழுதுபவரை மோசடிக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் அவர் நல்ல மருத்துவராகத்தான் இருப்பார். முப்பது வருடம் நோயாளிகளைப் பார்த்தவர், மருந்து சாப்பிடாதவருக்கு மருந்து வேலை செய்யாது என்பதை அனுபவத்தில் தெரிந்தவர். அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருப்பதுபோலத் தோன்றுவதால்தான் இதற்குப் பதில் எழுதுவது கஷ்டம். "அது தப்பு சார்" என்று ஒரு வரியில் முடித்தால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். ஏன் தப்பு என்பதை எண்களோடு காட்ட வேண்டும். இந்தக் கட்டுரை அதற்காக. புள்ளியியல் படித்திராதவர்களும் தொடரலாம். சராசரி என்றால் என்ன என்று தெரிந்தால் போதும்.

பேசுவதற்கு வசதியாக ஒரு ஆய்வைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் 120 சர்க்கரை நோயாளிகள். குலுக்கல் முறையில் அவர்களை 60, 60 என்று இரண்டாகப் பிரிக்கிறோம். முதல் குழுவுக்கு மாதம் ஒரு முறை செவிலியர் போன் செய்து மாத்திரை, சாப்பாடு, நடை பற்றிப் பேசுவார். இரண்டாவது குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இதை ஒப்பீட்டுக் குழு என்போம். தொடக்கத்தில் ஒரு முறை, ஆறு மாதம் கழித்து ஒரு முறை எச்பிஏ1சி பரிசோதனை. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி நிலவரத்தைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை அது. கடைசிப் பரிசோதனைக்கு 120 பேரும் தவறாமல் வந்துவிட்டார்கள். (கற்பனைதானே, வரட்டும். நிஜத்தில் நூறு பேர் வந்தாலே கும்பிட வேண்டும்.)

முடிவு இதுதான். போன் குழுவில் எச்பிஏ1சி சராசரியாக 0.6 புள்ளி குறைந்தது. ஒப்பீட்டுக் குழுவில் 0.3 குறைந்தது. வித்தியாசம் 0.3. ஆளுக்கு ஆள் மாற்றம் ஏறி இறங்கும் அளவை, அதாவது திட்ட விலக்கத்தை, இரண்டு குழுவிலும் 1.2 என்று வைத்துக்கொண்டால் பி மதிப்பு 0.17 வரும். போன் செய்வதால் ஒரு பயனும் இல்லை என்றாலும்கூட, குலுக்கலில் யார் எந்தப் பக்கம் விழுந்தார்கள் என்ற அதிர்ஷ்டத்தால் மட்டுமே இந்த அளவு வித்தியாசமோ இதைவிடப் பெரியதோ நூறில் பதினேழு தடவை வந்துவிடும் என்பது அதன் பொருள். மருத்துவ இதழ்கள் வழக்கமாக எதிர்பார்ப்பது நூறில் ஐந்துக்குக் கீழே.

இப்போது அந்த ஏழு பேர். ஆறு அழைப்பில் இரண்டையோ அதற்கும் குறைவாகவோ எடுத்தவர்கள். அவர்களுக்கு எச்பிஏ1சி குறையவில்லை, சராசரியாக 1.3 ஏறியிருக்கிறது. அவர்களைக் கழற்றிவிட்டால் மிச்சமுள்ள 53 பேரின் சராசரிக் குறைவு 0.85 ஆகிவிடும். வித்தியாசம் 0.3 இருந்த இடத்தில் 0.55. பி மதிப்பு 0.01. நேற்றுவரை தேறாமல் கிடந்த கட்டுரை இன்று நல்ல இதழுக்குப் போகத் தயார். மருந்தை மாற்றவில்லை, நோயாளிக்கு ஒன்றும் செய்யவில்லை, எக்செல்லில் ஏழு வரிகளை அழித்ததோடு சரி.

இதில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ஒப்பீட்டுக் குழுவில் போனை எடுக்காதவர்கள் எத்தனை பேர்? கேள்வியே அர்த்தமில்லாதது. அவர்களுக்கு யாரும் போனே செய்யவில்லை. அங்கேயும் போன் வந்தால் எடுக்காத ஆட்கள் இருக்கத்தான் செய்வார்கள்: வேலைக்கு வெளியூர் போனவர், வீட்டில் ஒரே போன் இருப்பதால் அது மகன் கையில் இருப்பவர், சர்க்கரையைப் பற்றிப் பேச்செடுத்தாலே எரிந்துவிழுகிறவர். குலுக்கல் செய்த நன்மையே இந்த மாதிரி ஆட்களை இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் போட்டதுதான். ஒரு பக்கத்தில் மட்டும் அவர்களைப் பொறுக்கி வெளியே அனுப்பினால், மறுபக்கத்தில் அவர்கள் அடையாளம் தெரியாமல் உட்கார்ந்து அந்தக் குழுவின் சராசரி முன்னேற்றத்தைக் கீழே இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

சரி, இரண்டு பக்கமும் பொருந்துகிற ஒரு விதியை வைத்துப் பார்ப்போம். மருந்தகப் பதிவேட்டில் இரண்டு மாதத்துக்கு மேல் மாத்திரை வாங்காதவர்களை நீக்குவது என்று விதி. போன் குழுவில் அதே ஏழு பேர் அகப்படுகிறார்கள். ஒப்பீட்டுக் குழுவில் ஒன்பது பேர். அவர்களுக்கும் சராசரியாக 1.0 ஏறியிருக்கிறது. இந்தப் பதினாறு பேரையும் நீக்கினால் போன் குழுவின் குறைவு 0.85, ஒப்பீட்டுக் குழுவின் குறைவு 0.53. வித்தியாசம் 0.32, பி மதிப்பு 0.14. புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். 0.55 என்ற அந்த அழகான எண் போன் அழைப்பால் வந்ததல்ல, ஒருதலைப்பட்சமாகக் கழித்ததால் வந்தது.

இதை இன்னும் பச்சையாகப் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு சிகிச்சையும் தராத 60 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய எச்பிஏ1சி குறைவின் உண்மையான சராசரி பூஜ்யம், திட்ட விலக்கம் அதே 1.2. அதில் மோசமான ஏழு பேரை நீக்கினால் சராசரி எவ்வளவு ஏறும்? பைத்தானில் நான்கு வரி போதும்:

```python
import numpy as np
x = np.random.normal(0, 1.2, (10000, 60))
x.sort(axis=1)
print(x[:, 7:].mean())
```

ஓட்டிப் பார்த்தால் 0.26 வரும். ஒன்றுமே செய்யாமல் 0.26 புள்ளி "முன்னேற்றம்". நம் ஆய்வில் கிடைத்த மொத்த வித்தியாசமே 0.3 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள். பயனே இல்லாத சிகிச்சையில் ஒரு பக்கத்தின் மோசமான ஏழு பேரை ஒவ்வொரு தடவையும் நீக்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல இரண்டு சராசரிகளை ஒப்பிடும் வழக்கமான டி சோதனையைச் செய்தால், "சிகிச்சை பலன் தருகிறது" என்ற பொய்யான பதில், ஐந்தில் நல்ல பக்கம் விழும் பாதியான நூறில் இரண்டரை தடவைக்குப் பதிலாக இருபதுக்கு மேற்பட்ட தடவை வரும். பி மதிப்பு என்ற கருவி, யாரை வைத்துக்கொள்வது என்பதை முடிவு பார்க்காமல் தீர்மானித்தோம் என்று நம்பித்தான் கணக்குப் போடுகிறது. பார்த்துவிட்டுப் பொறுக்கியது அதற்குத் தெரியாது.

இங்கே மூத்தவர் விடமாட்டார். "அதெல்லாம் சரி அம்மா, மோசமானவர்கள் என்பதற்காகவா நீக்கச் சொன்னேன்? சிகிச்சையை எடுத்துக்கொள்ளாதவர்கள் என்பதற்காகத்தானே சொன்னேன்?" என்பார். இதற்கான பதில் 1980-இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில் இருக்கிறது. வகுப்பில் இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நிற்பது என் வழக்கம்.

கரோனரி டிரக் ப்ராஜெக்ட் என்பது ஏற்கெனவே மாரடைப்பு வந்த ஆண்களிடம் நடந்த பெரிய சோதனை. அதில் ஒரு மருந்து குளோஃபிப்ரேட், கொழுப்பைக் குறைப்பது. தரப்பட்ட மருந்தில் 80 சதவீதமாவது சாப்பிட்டவர்களில் ஐந்து ஆண்டுகளில் இறந்தவர்கள் 15.0 சதவீதம். அதைவிடக் குறைவாகச் சாப்பிட்டவர்களில் 24.6 சதவீதம். பார்த்தால் மருந்து உயிரைக் காப்பாற்றியதுபோலத்தான் இருக்கிறது. ஆனால் ப்ளாசிபோ, அதாவது மருந்தே இல்லாத போலி மாத்திரை வாங்கிய குழுவில், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் இறந்தவர்கள் 15.1 சதவீதம். ஒழுங்காகச் சாப்பிடாதவர்களில் 28.2 சதவீதம்.

போலி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் ஏன் அதிகம் பிழைத்தார்கள்? மாத்திரையில் ஒன்றுமில்லை. மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிற மனிதர் மற்ற விஷயங்களிலும் வேறு மாதிரியானவராக இருக்கிறார், அல்லது சாப்பிட முடியாதபடி அவருக்கு உடம்பு மோசமாகவில்லை. இன்னின்ன காரணம் என்று அளந்து கணக்கில் சேர்த்துச் சரிசெய்து பார்த்தும் அந்த வித்தியாசம் மறையவில்லை. ஒழுங்காகச் சாப்பிட்டவர், சாப்பிடாதவர் என்று பிரிக்காமல் மொத்தமாகப் பார்த்தால் மருந்துக் குழுவில் இறப்பு 20.0 சதவீதம், ப்ளாசிபோ குழுவில் 20.9. மருந்து பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. "சிகிச்சையை எடுத்துக்கொண்டவர்களை மட்டும் பார்ப்போம்" என்று ஒரு பக்கத்தை வடிகட்டியிருந்தால், வேலை செய்யாத மருந்துக்கு வெற்றிப் பட்டம் கட்டியிருப்பார்கள்.

அதனால்தான் குலுக்கலில் யார் எந்தக் குழுவில் விழுந்தாரோ, அவர் சிகிச்சையை எடுத்தாரோ இல்லையோ, கடைசிவரை அந்தக் குழுவின் கணக்கிலேயே வைக்க வேண்டும் என்ற வழக்கம் வந்தது. ஆராய்ச்சியாளர்கள் பேச்சில் இதற்கு இன்டென்ஷன் டு ட்ரீட் என்று பெயர். ஐடிடி என்று சுருக்கிச் சொல்வார்கள். பெயர்தான் பயமுறுத்தும். நடைமுறையில் இது நாம் கேட்க வேண்டிய கேள்விக்கு நேரான பதில்: ஒரு சுகாதார நிலையத்தில் இந்தப் போன் திட்டத்தை ஆரம்பித்தால், எடுப்பவரும் எடுக்காதவரும் கலந்த அந்த ஊரில் சர்க்கரை எவ்வளவு குறையும்? போனை எடுக்காத ஏழு பேரும் அந்த ஊர்க்காரர்கள்தான். நாளைக்குத் திட்டம் வந்தாலும் அவர்கள் எடுக்கப்போவதில்லை.

இரண்டு பக்கமும் ஒரே விதியை வைத்து நீக்கினால் பிரச்சினை தீர்ந்ததா? நம் கற்பனைக் கணக்கில் தீர்ந்ததுபோலத் தெரிந்தது. அது என் எண்களின் தயவு. நிஜத்தில் அப்படி இல்லை என்பதற்கு ஆன்ட்யூரேன் சோதனை சாட்சி.

ஆன்ட்யூரேன் என்ற பெயரில் விற்ற சல்ஃபின்பைரசோன், முதலில் கீல்வாதத்துக்கான மாத்திரை. யூரிக் அமிலத்தைக் குறைப்பது. ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதையும் அது குறைக்கும் என்று தெரிந்ததால், மாரடைப்பு வந்து சில வாரங்கள் ஆனவர்களிடம் அது சாவைத் தடுக்குமா என்று சிபா-கைகி நிறுவனத்தின் ஆதரவில் சோதித்தார்கள். 1978-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த முதல் அறிக்கை, இதயச் சாவுகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன என்றது. 1980-இல் வந்த அடுத்த அறிக்கை, முதல் ஆறு மாதங்களில் திடீர்ச் சாவு 74 சதவீதம் குறைந்தது என்றது. மாரடைப்புக்குப் பிந்தைய சிகிச்சையே மாறப்போகிறது என்று பேச்சு.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் ராபர்ட் டெம்பிள், கார்டன் பிளெட்ஜர் என்ற இருவர் மூலப் பதிவுகளைத் தோண்டினார்கள். 1980-இல் அதே இதழில் தங்கள் விமர்சனத்தை எழுதினார்கள். அவர்கள் கண்டதில் நமக்கு வேண்டிய பகுதி இது. குலுக்கலில் சேர்ந்தவர்கள் 1,629 பேர்: மருந்துக்கு 813, ப்ளாசிபோவுக்கு 816. அவர்களில் 71 பேரை, "இவர்கள் ஆரம்பத்திலேயே ஆய்வில் சேர்ந்திருக்கக் கூடாதவர்கள், தகுதி விதிக்குப் பொருந்தாதவர்கள்" என்று பிறகு கணக்கிலிருந்து எடுத்திருக்கிறார்கள். மருந்துக் குழுவில் 38 பேர், ப்ளாசிபோ குழுவில் 33 பேர். எண்ணிக்கையில் நியாயமாகத்தான் தெரிகிறது. ஒரே விதி, இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம்.

இப்போது அந்த 71 பேரில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பாருங்கள். மருந்துக் குழுவின் 38-இல் 10 பேர். ப்ளாசிபோ குழுவின் 33-இல் 4 பேர். மருந்துப் பக்கத்துச் சாவுகள்தான் அதிகமாக வெளியே போயிருக்கின்றன. எல்லோரையும் சேர்த்தால் இறப்பு 813-இல் 74, 816-இல் 89. பி மதிப்பு 0.20. அந்த 71 பேரை எடுத்துவிட்டால் 775-இல் 64, 783-இல் 85. பி மதிப்பு 0.07. அதோடு மாத்திரை ஆரம்பித்த முதல் ஏழு நாட்களில் நேர்ந்த சாவையும், நிறுத்தி ஏழு நாட்களுக்கு மேல் ஆனபின் நேர்ந்த சாவையும் கணக்கில் எடுக்காத இன்னொரு விதியும் இருந்தது. சாவுக்கான காரணத்தை வகை பிரித்ததிலும் குளறுபடிகள் இருந்தன. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஏதோ ஒரு மருத்துவ நியாயம் உள்ளதுதான். எல்லாம் சேர்ந்து மருந்தின் பக்கம் சாய்ந்தன. மாரடைப்புக்குப் பின் தருவதற்கான அனுமதி அந்த மருந்துக்குக் கிடைக்கவில்லை.

யாரும் வேண்டுமென்று செய்திருக்க வேண்டியதில்லை, இதுதான் இந்தக் கதையில் என்னை உறுத்துவது. ஒரு நோயாளி இறந்துவிட்டால் அவருடைய கோப்பை மறுபடி எடுத்துப் பார்க்கத் தோன்றும். பார்த்தால் ஏதாவது ஒரு தகுதிக் குறை அகப்படும். உயிரோடு நன்றாக இருப்பவரின் கோப்பில் அதே குறை இருந்தாலும் யாரும் புரட்டுவதில்லை. நம் ஏழு பேருடைய போன் பதிவைத் தேடிப் பார்க்க வைத்ததும், ஏறிப்போன எச்பிஏ1சிதான். நன்றாகக் குறைந்தவர்களில் எத்தனை பேர் போனை எடுக்கவில்லை என்று மூத்தவர் கேட்கவே இல்லை.

இனி பதில் கடிதத்துக்கு வருவோம். நிஜத்தில் ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். நான் எழுதினால் தமிழில் இப்படி வரும்.

"வணக்கம் சார்.

நேற்றைய உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. அந்த ஏழு பேரும் அழைப்பை எடுக்கவில்லை என்பது உண்மைதான். செவிலியரின் பதிவேட்டை நானும் பார்த்தேன். ஆனால் அவர்களை முதன்மைப் பகுப்பாய்விலிருந்து எடுக்க முடியாது என்று நினைக்கிறேன் சார். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட திட்ட ஆவணத்தில், குலுக்கலில் சேர்ந்த எல்லோரையும் அவரவர் குழுவிலேயே வைத்துக் கணக்கிடுவோம் என்று எழுதியிருக்கிறோம். மருத்துவ ஆய்வுகளுக்கான சிடிஆர்ஐ பதிவேட்டிலும் அதுதான் இருக்கிறது. அழைப்பை எடுக்காதவர்களை நீக்கும் விதி எதிலும் இல்லை. இப்போது எண்களைப் பார்த்த பிறகு அப்படி ஒரு விதியைச் சேர்த்தால், அதை எப்போது சேர்த்தோம் என்று கட்டுரையில் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று, ஒப்பீட்டுக் குழுவில் இதே விதியை வைக்க வழியில்லை. மாத்திரை வாங்கிய பதிவை வைத்து இரண்டு பக்கமும் நீக்கிப் பார்த்தேன். வித்தியாசம் 0.32, பி மதிப்பு 0.14. ஏழு பேரை மட்டும் எடுத்தால் வரும் 0.55 அங்கே நிற்கவில்லை.

உங்கள் சந்தேகத்தில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. எச்பிஏ1சி ஏறியவர்களில் யாருக்காவது பரிசோதனையே தப்பாக வந்திருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் ஹீமோகுளோபின் கோளாறு உள்ளவர்களுக்கும் அந்த எண்ணை நம்ப முடியாது. அதை நாம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஏழு பேரை மட்டும் பார்த்தால் போதாது, 120 பேரின் கோப்பையும் பார்க்க வேண்டும். யார் எந்தக் குழு, யாருக்கு எவ்வளவு ஏறியது என்பது தெரியாத ஒருவர் பார்க்கட்டும். குழுவும் எண்ணும் இல்லாத பட்டியலைத் தயார் செய்து, நம் துறையில் இந்த ஆய்வில் இல்லாத ஒருவரிடம் கொடுக்கிறேன். எந்தெந்தக் காரணத்துக்காக ஒருவரை ஒதுக்கலாம் என்பதை அதற்கு முன்பே நாம் இருவரும் எழுதிக் கையெழுத்திட்டுவிடுவோம்.

அழைப்பை எடுத்தவர்களுக்கு எவ்வளவு குறைந்தது என்பதையும் கட்டுரையில் போடலாம் சார். தனிப் பத்தியாக, திட்டமிடாத பகுப்பாய்வு என்ற தலைப்போடு, எல்லோரையும் சேர்த்த எண்ணுக்குப் பக்கத்திலேயே போடுவோம். சுருக்கத்தில் மட்டும் வேண்டாம்.

நமக்குக் கிடைத்த வித்தியாசம் 0.3. அதன் 95 சதவீத நம்பக இடைவெளி, அதாவது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை, போன் குழு 0.13 பின்தங்கியிருப்பதிலிருந்து 0.73 முன்னால் இருப்பது வரை நீள்கிறது. பயன் இல்லை என்று நாம் நிரூபிக்கவில்லை. பயன் இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை. 120 பேர் போதவில்லை என்பதும், அழைப்பை எடுக்காதவர்களை எப்படிச் சென்றடைவது என்பதும்தான் அடுத்த ஆய்வுக்கான கேள்விகள். அந்த ஏழு பேரைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்களேன் சார். அவர்களை நன்றாகத் தெரிந்தவர் நம்மில் நீங்கள்தான்.

புதன்கிழமை மதியம் புறநோயாளிகள் பிரிவு முடிந்ததும் நேரில் வந்து பேசுகிறேன்."

இந்தக் கடிதத்தில் சில விஷயங்களைக் கவனிக்கலாம். "நேர்மை", "அறம்" என்ற சொற்கள் எங்கேயும் வரவில்லை. மூத்தவரின் நோக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேச்சு முழுக்க ஆவணத்தையும் எண்ணையும் சுற்றியே நிற்கிறது. அவர் கேட்டதை முதன்மை ஆசிரியர் செய்தும் பார்த்திருக்கிறார், அதன் முடிவை மறைக்கவும் இல்லை. நீக்கக் கூடாது என்று சொல்லும்போதே, நியாயமாக எதை நீக்கலாம், யார் பார்த்து நீக்கலாம் என்ற வழியையும் திறந்து வைக்கிறார். வேறு வழி காட்டாமல் மறுத்தால் அதே கோரிக்கை இரண்டு வாரத்தில் வேறு உருவத்தில் திரும்பி வரும்: "சரி, அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களை எடுத்துப் பார்த்தீர்களா?"

அப்படியானால் நீக்கவே கூடாதா என்று கேட்டால், அப்படி இல்லை. ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருந்தால் ஒன்றை எடுக்கத்தான் வேண்டும். எச்பிஏ1சி 75 என்று இருந்தால் அது 7.5-ஐத் தட்டச்சு செய்ததில் நேர்ந்த பிழை. ஆய்வகச் சீட்டைப் பார்த்துத் திருத்த வேண்டும், ஆளை நீக்கக் கூடாது. தன் தகவலைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவர் விருப்பத்தை மதிக்க வேண்டும். தகுதியில்லாத ஒருவர் தவறிப்போய் உள்ளே வந்துவிட்டால், அந்தத் தகுதிக் குறை குலுக்கலுக்கு முன்பே இருந்ததா, அதை எல்லோரிடமும் ஒரே மாதிரி தேடினோமா, தேடியவருக்குக் குழுவும் முடிவும் தெரியாமல் இருந்ததா என்று பார்க்க வேண்டும். மூன்றுக்கும் ஆம் என்றால் நீக்குவதில் பெரிய ஆபத்து இல்லை. ஆன்ட்யூரேனில் இடறியது கடைசி இரண்டில்தான். நம் ஏழு பேர் முதல் படியிலேயே தேறமாட்டார்கள்; போனை எடுக்காதது குலுக்கலுக்குப் பிறகு நடந்தது.

எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் எந்தக் காரணத்தால் விடுபட்டார்கள், கடைசிக் கணக்கில் எத்தனை பேர் என்பதைப் படமாகப் போடச் சொல்வது கான்சார்ட் என்ற அறிக்கை விதிமுறை. ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரை கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது அந்தப் படத்தைத்தான். குலுக்கலில் 60 என்று தொடங்கிய பெட்டி கீழே 53 ஆகி, பக்கத்துப் பெட்டி மட்டும் 60 ஆகவே நின்றால், அந்த ஏழு பேர் எங்கே போனார்கள் என்று தேட ஆரம்பித்துவிடுவேன்.

மூத்தவர் அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? கட்டுரையில் பெயர் போட்ட ஒவ்வொருவரும் முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த விதி. ஆகவே தன் பெயரை நீக்கிக்கொள்ள அவருக்கும் உரிமை உண்டு, முதன்மை ஆசிரியருக்கும் உண்டு. துறைத் தலைவரிடமோ நெறிமுறைக் குழுவிடமோ போவது அதற்கடுத்த படி. அதுவரை போகாமல், நேரில் உட்கார்ந்து இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பெரும்பாலும் பேச்சு தணிந்துவிடும். கடிதத்தின் கடைசி வரியில் புதன்கிழமை மதியம் என்று போட்டது அதற்காகத்தான்.

நம் கற்பனை ஆய்வில் புதன்கிழமை என்ன நடந்தது என்று முடித்துவிடுகிறேன். 120 கோப்புகளையும் குழு தெரியாமல் பார்த்தவர், ஆறு மாதத்துக்குள் ரத்தம் ஏற்றிக்கொண்ட மூன்று பேரைக் கண்டுபிடித்தார். ஒருவர் போன் குழு, இருவர் ஒப்பீட்டுக் குழு. அந்த ஏழு பேரில் ஒருவரும் இல்லை. மூவரையும் எடுத்துவிட்டுக் கணக்கிட்டபோது வித்தியாசம் 0.28, பி மதிப்பு 0.21. கட்டுரையின் இரண்டாம் அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் இப்படி ஒரு குறிப்பு வந்தது: "முதன்மைப் பகுப்பாய்வில் 120 பேரும் உள்ளனர். ரத்தம் ஏற்றிக்கொண்ட 3 பேரை நீக்கிய கணக்கு தனியே தரப்பட்டுள்ளது. அவர்களைக் கண்டறிந்தவருக்குக் குழுவும் முடிவும் தெரியாது. அழைப்பை எடுக்காத 7 பேரை நீக்கிய கணக்கு முடிவுகளைப் பார்த்த பிறகு செய்யப்பட்டது." கடைசி வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னவர் மூத்தவர்.